தலை திரும்பாத மேசை மின்விசிறி: கியரும் கிராங்கும் பின்னும்

பல ஆண்டுகளாக நாள்தோறும் ஓடிவரும் என் மேசை மின்விசிறியில், தலை ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ‘டிக் டிக்’ என்ற சத்தம் சில வாரங்கள் கேட்டு, பிறகு திரும்புவதே நின்றுபோனது. இறக்கைகள் எப்போதும்போல் வேகமாகச் சுழன்றதால், பழுது மோட்டாரில் இல்லை, அதன் பின்னால் உள்ள கியர் பெட்டியிலோ அதற்குக் கீழேயோதான் இருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

திருகுகளைக் கழற்றுவதற்கு முன்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேலே உள்ள குமிழை அழுத்தி, இறக்கையைக் கையால் மெதுவாகப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். குமிழை அழுத்தும்போது அதோடு சேர்ந்த பூட்டும் பின் கீழிறங்கி, கியரை அதன் நடுவே நிற்கும் செங்குத்துத் தண்டோடு பூட்டுகிறது. ஆகவே என்னுடையதைப் போன்ற அமைப்பில் குமிழும் மிக மெல்லச் சுழல வேண்டும். குமிழ் சுழன்றும் அந்தத் தண்டின் கீழே உள்ள கிராங்க் என்ற சிறு கை அசையவில்லை என்றால், கிராங்கைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. கிராங்க் சுழன்றும் தலை நின்றிருந்தால், கிராங்கைக் கழுத்தோடு இணைக்கும் கம்பி கழன்றிருக்கிறது. இவ்விரண்டும் ஒரு திருப்புளியோடு முடிந்துவிடும் வேலைகள். குமிழே சுழலாவிட்டால்தான் கியர் பெட்டியைத் திறக்க வேண்டும்.

என் மின்விசிறியில் குமிழ் சுழலவில்லை. திறந்து பார்த்தபோது பூட்டும் பின் வளையாமல், தேயாமல் சரியாகவே இருந்தது. ஆனால் மோட்டார் தண்டின் திருகுப்பல் உரசும் இடத்தில் நைலான் கியரின் பற்கள் பள்ளமாக அரைபட்டு, வெள்ளைத் துகள்கள் பழைய கிரீஸில் கலந்திருந்தன. பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், நடுத்துளையின் அளவு ஆகிய மூன்றும் பொருந்தும் கியரை வாங்க வேண்டும் என்பதால், தேய்ந்த கியரையே மாதிரியாக எடுத்துச் செல்வது நல்லது.

புதிய கியரை மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். உலோகத் திருகுப்பல்லோடு உரசும் நைலான் கியர் காலப்போக்கில் தேய்வது இயல்பே என்றாலும், ஒரே பக்கம் திரும்பும்போது மட்டும் எழுந்த அந்தச் சத்தம், தலை அந்தப் பக்கம் கனமாகத் திரும்பியதைக் காட்டியது. இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையால் அசைத்துப் பார்த்தேன். கழுத்து மூட்டில் தூசியும் காய்ந்த எண்ணெயும் இறுகிப்போயிருந்தன. அதைத் துடைத்துச் சிறிது கிரீஸ் இட்ட பிறகு, தலை இரு பக்கமும் ஒரே எளிமையோடு திரும்பியது. இதைச் செய்யாமல் விட்டிருந்தால் புதிய கியரும் அதே சுமையை இழுத்து விரைவில் அரைபட்டிருக்கும். கழுத்தின் வழியே செல்லும் வயரின் உறை வெடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

கியர் பெட்டியில் பற்கள் நனையும் அளவுக்குக் கெட்டியான கிரீஸ் போதும். அதிகமானால் அது மோட்டாரின் காயிலுக்குப் பரவும். அன்றிலிருந்து, குமிழ் அழுத்தியிருக்கும்போது தலையை யாரும் கையால் திருப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பல கோடைகள் கடந்தும் அதே கியர் சத்தமின்றி ஓடுகிறது.