டியூஷனை நிறுத்திய பிறகும் கணக்கில் பணம் பிடிக்கிறார்களா? மேண்டேட்டை வங்கியில் ரத்து செய்யுங்கள்

என் மகளுக்காக ஒரு ஆன்லைன் டியூஷன் நிறுவனத்தில் சேர்ந்திருந்தோம். மாதம் 3,200 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். வகுப்பு சரியில்லை என்று ஜூன் 3ஆம் தேதி மின்னஞ்சலில் நிறுத்தச் சொன்னோம். "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று பதிலும் வந்தது. செயலியிலும் சந்தா ரத்து என்றே காட்டியது. ஆனால் ஜூன் 7ஆம் தேதி பணம் போனது. ஜூலை 7ஆம் தேதியும் போனது. கேட்டால், "சிஸ்டத்தில் அப்டேட் ஆக நேரம் எடுக்கும் மேடம்" என்ற ஒரே பதில்தான்.

இதே நிலையில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். நிறுவனத்திடம் சந்தாவை ரத்து செய்வது வேறு, கணக்கிலிருந்து பணம் பிடித்துக்கொள்ள நாம் எழுதிக் கொடுத்த அனுமதியான மேண்டேட்டை வங்கியில் ரத்து செய்வது வேறு. வங்கிகள் வழியாக மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு நாச் என்று பெயர். அதற்காக நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மேண்டேட் நம் வங்கியில் பதிவாகி, அதற்கென்று யு.எம்.ஆர்.என் என்ற தனி எண் கிடைக்கிறது. மாதாமாதம் நிறுவனம் தன் வங்கி வழியாக அந்த எண்ணையும் தொகையையும் அனுப்புகிறது. மேண்டேட் உயிரோடு இருக்கிறதா, தொகை அதில் சொன்ன உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் நம் வங்கி பார்க்கும். வகுப்பு நடந்ததா, நாம் விலகிவிட்டோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எங்கள் கட்டணம் 3,200 ரூபாய்தான், மேண்டேட்டில் உச்சவரம்பாக எழுதியிருந்ததோ 10,000. அதாவது அவர்கள் நினைத்தால் அதுவரை பிடித்திருக்க முடியும்.

ஜூலை 10ஆம் தேதி வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர், "கம்பெனியிலிருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க மேடம், அப்பதான் நிறுத்த முடியும்" என்றார். பல பேர் இந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுகிறார்கள். நிறுவனம் அந்தக் கடிதத்தை எந்தக் காலத்திலும் தராது. ஆனால் நாச் மேண்டேட் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. இந்த மேண்டேட்டை ரத்து செய்ய நிறுவனத்திடமோ, பணம் பிடிக்க அனுமதி கொடுத்த வங்கியிடமோ தெரிவிக்கலாம் என்கிறது அது. இரண்டில் ஒன்று போதும். படிவத்தின் படத்தை மொபைலில் வைத்திருந்தேன், அதை மேலாளரிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சரி, எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்த கடிதத்தில் நிறுவனத்தின் பெயர், யு.எம்.ஆர்.என், கணக்கு எண் மூன்றும் இருந்தன. கூடவே, "இந்த நிறுவனத்தின் பெயரில் என் கணக்கில் பதிவாகியுள்ள எல்லா மேண்டேட்டுகளையும் இன்றே ரத்து செய்யவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். இன்னொரு நகலில் வங்கி முத்திரை, தேதி, கையொப்பம் வாங்கிக்கொண்டேன். பிறகு நடந்ததைப் பார்த்தால், அந்த ஒரு வரியும் முத்திரை போட்ட அந்த நகலும்தான் எங்களைக் காப்பாற்றின.

ஆகஸ்ட் 7ஆம் தேதி மறுபடி 3,200 ரூபாய் போனது! பாஸ்புக்கில் நாச் வழியாகப் பிடித்ததைக் காட்டும் அதே "ACH D" வரி, அதே நிறுவனத்தின் பெயர். வங்கியில் கேட்டால், "நீங்க சொன்ன மேண்டேட்டை ரத்து பண்ணியாச்சே" என்றார்கள். நெட் பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மேண்டேட், இரண்டு வெவ்வேறு எண். சேரும்போது வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி, கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லி இரண்டு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். முதல் படிவமே வங்கியில் ஏற்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் இரண்டாவதைச் சத்தமில்லாமல் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். இதை நான் தற்செயல் என்று நம்பவில்லை. தயவுசெய்து உங்கள் கணக்கிலும் அந்தப் பட்டியலை முழுதாகப் பாருங்கள். நெட் பேங்கிங்கில் இல்லையென்றால் கிளையில் கேட்டு வாங்குங்கள்.

இனி பணத்தைத் திரும்ப வாங்குவது. போனது எல்லாம் நம் பணம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்டால், வங்கி நிறுவனத்தைக் கைகாட்டும், நிறுவனம் வங்கியைக் கைகாட்டும். வங்கியிடம் எழுத்தில் கொடுத்த ஜூலை 10ஐ வைத்துக் கணக்கை இரண்டாகப் பிரித்தேன். அதற்கு முன் போன ஜூன், ஜூலைத் தொகைக்கு நிறுவனம்தான் பொறுப்பு, ஏனென்றால் அப்போது வங்கிக்கு எதுவும் தெரியாது. ஆகஸ்ட் தொகைக்கு வங்கி பொறுப்பு. எல்லா மேண்டேட்டையும் ரத்து செய்யச் சொன்ன பிறகும் ஒன்றை விட்டுவைத்தது அவர்கள்.

ஆகஸ்ட் தொகை போன மறுநாளே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். தாமதிக்காதீர்கள், அனுமதியில்லாமல் போன பணத்தை மூன்று வேலை நாளுக்குள் தெரிவிப்பது நல்லது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில், வங்கியின் குறைபாட்டால் அப்படிப் பணம் போனால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று இருக்கிறது. அதையும் குறிப்பிட்டு, முத்திரை போட்ட நகலை இணைத்தேன். இரண்டாவது மேண்டேட் அப்போதே ரத்தானது, பணம் வரவில்லை. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முதலில் வங்கியிடம் போகாமல் நேராக அங்கே போனால் தள்ளுபடியாகிவிடும். செப்டம்பரில் நான் அங்கே பதிவு செய்த பிறகு கிளையிலிருந்து அவர்களே போன் செய்தார்கள், 3,200 ரூபாய் கணக்குக்கு வந்தது.

நிறுவனத்துடன் இன்னும் முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு, ஜூலைத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலில் அதற்குப் பதிலாக வேறு வகுப்புக்கான கூப்பன் தருகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டேன். ஜூன் தொகைக்கு, ஒப்பந்தப்படி 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை, அதனால் அந்தத் தொகையில் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் இரண்டு மேண்டேட் பதிவு செய்ததற்கு இதுவரை விளக்கம் இல்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். நாம் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கணக்கைக் காலியாக வைத்தால் பிடிக்க முடியாதே என்று தெரிந்தவர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். செய்யாதீர்கள். பணமில்லாமல் திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் போடும், மேண்டேட்டோ அப்படியே இருக்கும். போதாததற்கு, பணமில்லாமல் திரும்புவதைச் சட்டத்தின் பெயர் சொல்லி நிறுவனம் மிரட்டவும் வழி கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று. பாஸ்புக்கில் டியூஷன் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், நீங்கள் கட்டுவது மாதக் கட்டணம் அல்ல, உங்கள் பெயரில் எடுத்த கடனின் தவணை. அதை வங்கியில் நிறுத்தினால் கடன் பாக்கியாகி சிபில் மதிப்பெண் அடிபடும். அங்கே முதலில் கடனை முடித்து வைக்கச் சொல்லி இரண்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும், மேண்டேட் அதற்கு அப்புறம்தான்.