டிப்ளாய் யார் கையில்: விழித்திருப்பவரா, எழுதியவரா?

எங்கள் டீமில் நாலு பேர் கிருஷ்ணகிரியில், ரெண்டு பேர் பெர்லினில், மூணு பேர் டொரண்டோவில். கோடு ரிவ்யூ யார் செய்வது, டிப்ளாயை யார் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப்போவது என்பதில் ஒன்றரை வருஷமாக மூணு முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோம். மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறுவேறு இடத்தில்தான் உடைகிறது.

முதலில் மணிக்கணக்கு. கோடையில் பெர்லினில் காலை 9 என்றால் நமக்கு மதியம் 12:30, டொரண்டோவில் காலை 9 என்றால் நமக்கு மாலை 6:30. அதாவது மூணு ஊரும் ஒரே நேரத்தில் விழித்து வேலையில் இருப்பது மாலை 6:30க்கு மேல் ரெண்டு மணி நேரம்தான், அதிலும் நமக்கு அது வீட்டுக்குக் கிளம்புகிற நேரம்.

முதல் முறை, விழித்திருப்பவர் எடுத்துக்கொள்வது. நாங்கள் எழுதி வைப்போம், பெர்லின் பார்த்து அப்ரூவ் செய்யும், டொரண்டோ மெர்ஜ் செய்து டிப்ளாய் செய்யும். வேகம் என்றால் இதுதான் வேகம், காலையில் எழுதியது ராத்திரி நாம் தூங்கும்போதே லைவுக்குப் போய்விடும். ஆறு மாசம் இப்படி ஓட்டினோம், ஒரு இன்டெக்ஸ் எங்களை நிறுத்துகிற வரைக்கும்.

அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்டர் டேபிளில் ஒரு தேடல் மெதுவாக இருந்தது, அதற்கு நான் போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ் போட ஒரு மைக்ரேஷன் எழுதினேன்:

```sql
CREATE INDEX CONCURRENTLY IF NOT EXISTS
  idx_orders_customer ON orders (customer_id);
```

`CONCURRENTLY` போட்டால் இன்டெக்ஸ் கட்டும்போது டேபிளில் எழுதுவது நிற்காது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சாக்‌ஷன்கள் முடிகிற வரை அது காத்திருக்கும், அதனால் எப்போது முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டொரண்டோ நண்பர் நம் நேரப்படி ராத்திரி 12:30க்கு ஓட்டினார். எங்கேயோ ஒரு நீண்ட ரிப்போர்ட் குவெரி ஓடிக்கொண்டிருந்ததால் இது காத்துக்காத்து, டைம்அவுட் ஆகி, பாதியில் அறுந்துவிட்டது. அவர் செய்தது தப்பே இல்லை, "மைக்ரேஷன் ஃபெயில், அடுத்த டிப்ளாயில் மறுபடி ஓடும்" என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் காலை பெர்லின் டிப்ளாய் செய்தது, மைக்ரேஷன் பச்சையாகக் காட்டியது, எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. பாதியில் அறுந்தாலும் அந்தப் பெயரில் ஒரு இன்டெக்ஸ் டேபிளில் உட்கார்ந்திருக்கும், ஆனால் செல்லாததாக. தேடலுக்கு அது பயன்படாது, ஒவ்வொரு எழுதலுக்கும் மட்டும் கூடுதல் சுமை தரும். `IF NOT EXISTS` பெயரை மட்டும்தான் பார்க்கும், "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப்போகும். ரெண்டு நாள் கழித்து `EXPLAIN` போட்டுப் பார்த்தபோது இன்னும் `Seq Scan` என்றே வந்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்:

```sql
SELECT indexrelid::regclass FROM pg_index WHERE NOT indisvalid;
```

`DROP INDEX CONCURRENTLY` போட்டு எடுத்துவிட்டு மறுபடி கட்டினோம், சரியானது. இந்த ஒரு வரி எனக்குத் தெரியும், ஓட்டியவருக்கோ அடுத்த நாள் ஓட்டியவருக்கோ என் மைக்ரேஷனில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரியாது, நானும் எழுதி வைக்கவில்லை. கை மாறும் முறையின் ஓட்டை அதுதான், வேலை கைமாறுகிறது, வேலையைப் பற்றிய அறிவு மாறுவதில்லை.

அதனால் அடுத்த பக்கத்துக்குத் தாவினோம். எழுதியவரே டிப்ளாய் செய்ய வேண்டும், அதுவும் தன் பகல் நேரத்தில். இதில் மேலே சொன்ன மாதிரி பிரச்சனை ஒன்றுகூட வரவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ரிவ்யூ வலித்தது. மாலை 5 மணிக்கு நான் ஒரு புல் ரெக்வெஸ்ட் போட்டால் பெர்லின் அதை நம் ராத்திரி 9க்குள் பார்த்து ரெண்டு சின்னத் திருத்தம் கேட்கும். நான் காலை 9:30க்குத் திருத்துவேன். கிட்ஹப்பில் `Dismiss stale pull request approvals when new commits are pushed` என்ற அமைப்பு எங்களிடம் போடப்பட்டிருப்பதால், அப்ரூவல் ஏற்கெனவே தந்திருந்தாலும் ஒரு எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கே அது கழன்றுவிடும், மறுபடி 12:30 வரை காத்திருக்க வேண்டும். டொரண்டோ எழுதியதை நாங்கள் ரிவ்யூ செய்தால் இன்னும் மோசம், ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க முழு நாள். அந்த அமைப்பை எடுத்துவிடலாமா என்று ஒரு வாரம் பேசினோம், எடுக்கவில்லை. யாரும் பார்க்காத கமிட் லைவுக்குப் போவதைவிட மூணு மணி நேரக் காத்திருப்பு மேல் என்பது என் கருத்து. அதற்குப் பதில் மதியத்துக்குள் புல் ரெக்வெஸ்ட் போடுவது என்று வைத்துக்கொண்டோம், அப்படிப் போட்டால் கேள்வி, திருத்தம், அப்ரூவல் மூணும் அன்றே முடிகிறது.

மூணாவது, எல்லாரும் விழித்திருக்கும் அந்த ரெண்டு மணி நேரத்தில் மட்டும் டிப்ளாய். டொரண்டோ நேரம் காலை 9:30, நமக்கு மாலை 7. இதை எந்த ஊர்க் கடிகாரத்தில் எழுதுகிறீர்கள் என்பதுதான் விஷயம். நம் மாலை 7 என்று பூட்டினால் நவம்பரில் டொரண்டோவுக்கு அது காலை 8:30 ஆகிவிடும், ஆபீஸுக்கே வந்திருக்க மாட்டார்கள். டொரண்டோ நேரத்தில் பூட்டினால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 8. தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற எங்கள் தம்பிக்கு அது முடியாது, அந்த மாசங்களில் அவர் சீக்கிரம் கிளம்பி வீட்டிலிருந்து செய்கிறார். இன்னொன்று, மார்ச்சில் டொரண்டோ கடிகாரத்தை மாற்றி ரெண்டு அல்லது மூணு வாரம் கழித்துத்தான் பெர்லின் மாற்றும், அந்த இடைவெளி முழுக்கப் பெர்லினுக்கு எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் வரும். அவர்கள் ஒரு முறை தவறவிட்டார்கள், இப்போது காலண்டரில் முன்கூட்டியே போட்டு வைக்கிறோம்.

நான் எதை எடுப்பேன் என்றால், மணியை வைத்துப் பிரிக்க மாட்டேன், திரும்பப் பெற முடியுமா என்பதை வைத்துப் பிரிப்பேன். ஃபீச்சர் ஃப்ளாக்குக்குப் பின்னால் இருக்கும் கோடு என்றால் விழித்திருப்பவர் யாரும் போடலாம், தப்பானால் ஃப்ளாக்கை அணைத்தால் போதும், எழுதியவரை எழுப்ப வேண்டியதில்லை. டேட்டாபேஸைத் தொடுவது எதுவானாலும் எழுதியவர் முன்னிலையில், அந்தப் பொது நேரத்தில். டேபிளைத் தொடாவிட்டாலும் கை மாறும் எதற்கும் குறிப்பில் மூணு வரி கட்டாயம் வேண்டும்: முடிந்ததை எந்தக் கமாண்ட் போட்டுப் பார்ப்பது, எது வரை ரோல்பேக் பாதுகாப்பானது, பாதியில் நின்றால் விட்டுவிடுவதா மறுபடி ஓட்டுவதா. மூணாவது வரி இல்லாத குறிப்பை நாங்கள் ஏற்பதே இல்லை, அந்த இன்டெக்ஸ் கதையில் விடுபட்டது அதுதான்.

பெர்லின் இதில் ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளி மாலை 7க்கும் டேட்டாபேஸ் மாற்றம் போடலாம், டொரண்டோவுக்கு முழுப் பகலும் இருக்கிறதே என்கிறார்கள். டொரண்டோவுக்குப் பகல் இருக்கிறது, ஆனால் எழுதியவருக்கு ராத்திரி. வியாழனோடு நிறுத்திக்கொள்வோம் என்று நான் கேட்டிருக்கிறேன், அடுத்த மாசம் பேசி முடிவெடுக்கிறோம்.