தொட்டிக்கா, தரைக்கா: மொட்டை மாடி மழைநீரை எங்கே அனுப்பலாம்?

அனைவருக்கும் வணக்கம். போன மழைக்காலத்தில் ஒரு காலையை நினைவுபடுத்திவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறேன். வாகன நிறுத்தத்தில் கணுக்கால் அளவுக்கு மழைநீர் நின்றது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி பின்னோக்கி வந்து நம் தொட்டியில் குழாயை இறக்கியது. மாடியிலிருந்து நான்கு குழாய்கள் கொட்டிய நீர் அதே நேரத்தில் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நீரைப் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. பிடித்து எங்கே வைப்பது என்பதில்தான் இருக்கிறது. கீழ்நிலைத் தொட்டியில் சேர்க்கலாம் என்கிறது ஒரு தரப்பு. உறை கிணறு வெட்டி நிலத்துக்குள் இறக்கலாம் என்கிறது மறு தரப்பு.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாடி 400 சதுர மீட்டர். 60 மில்லிமீட்டர் கொட்டும் நாளில் 24,000 லிட்டர் விழுகிறது. தளம் உறிஞ்சுவதும், ஆவியாவதும், முதல் அழுக்கு நீரை வெளியே விடுவதும் போக 20,000 லிட்டர் கைக்கு வரும். நம் 24 வீடுகளில் ஏறத்தாழ 80 பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 10,800 லிட்டர் செலவாகிறது. அதாவது நல்ல மழை நாள் ஒன்று நமக்கு இரண்டு நாள் தண்ணீர்.

இது தொட்டித் தரப்புக்குச் சாதகமான கணக்கு. தனி வீட்டில் பிடித்த நீர் தீர வாரக்கணக்கில் ஆகும். அதனால் பெரிய தொட்டி வேண்டும். நாம் வேகமாகச் செலவழிப்பதால் தொட்டி விரைவில் காலியாகி அடுத்த மழைக்கு இடம் விடுகிறது. ஏற்கெனவே 30,000 லிட்டர் தொட்டியும் இருக்கிறது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. நம் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது. மட்டம் சற்றுக் குறைந்தாலே மிதவை தாழ்ந்து ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். மழை வரும்போது அங்கே இடம் ஏது? எத்தனை குழாய்களை இணைத்தாலும் நீர் வழிந்து பழைய சாக்கடைக்கே போகும். மழை மாதங்களில் மட்டும் மிதவையைத் தாழ்த்தி, மோட்டார் 10,000 லிட்டருக்கு மேல் நிரப்பாதபடி செய்ய வேண்டும். அப்போது 60 மில்லிமீட்டர் மழைக்கு அப்படியே இடம் கிடைக்கும். மறுநாள் நாம் செலவழித்தபின் இன்னொரு 30 மில்லிமீட்டருக்கும் இடம் உண்டு. இதற்கு ஒரு விலையும் இருக்கிறது: மழையும் இல்லாமல் மின்சாரமும் நின்றால் கையிருப்பு ஒரு நாளைக்குத்தான். மழைக்காலம் முடிந்ததும் மிதவையை மீண்டும் உயர்த்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்து அழுக்கு. புறா எச்சமும் தூசியும் முதல் மழையோடு இறங்கும். முதல் ஒரு மில்லிமீட்டரையாவது வெளியே விட வேண்டும். நான்கு குழாய்களில் ஒவ்வொன்றும் 100 சதுர மீட்டர் மாடியின் நீரை இறக்குகிறது. ஆகவே குழாய்க்கு 100 லிட்டர். பல கட்டடங்களில் இதற்காக ஆறு அங்குலக் குழாய்த்துண்டு ஒன்றை மூன்றடி உயரத்துக்குப் பொருத்தி வைத்திருப்பார்கள். அதில் பதினாறு லிட்டர்தான் பிடிக்கும். பார்க்க நன்றாக இருக்கும், பயன் இல்லை. அதைவிட, அடியில் ஒரு வால்வு வைத்து, நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் மழையில் சில நிமிடம் திறந்துவிடுவது மேல். வடிகட்டியையும் இப்படியே பார்க்க வேண்டும். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் ஒரு குழாயில் நிமிடத்துக்கு 100 லிட்டர் வரும். நுண்மணல் வடிகட்டி அவ்வளவை விடாது. நீர் குழாயில் பின்னோக்கி ஏறி மாடியில் தேங்கும். மேல்தளத்தார் கூரையில் ஈரம் பார்ப்பார்கள். அதனால் வலையும் கரடுமுரடான ஜல்லியும், வடிகட்டிக்கு மேலே வழிந்தோட ஒரு கிளைக்குழாயும் வேண்டும். நம் எல்லாக் குழாய்களுக்கும் இதே தொட்டி நீர்தான் வருகிறது என்பதால் குளோரின் அளவையும் பார்த்தாக வேண்டும். குடிக்க இந்த நீரை அப்படியே எடுக்கக் கூடாது.

இனி உறை கிணறு. ஒரு மீட்டர் அகலம், ஆறு மீட்டர் ஆழம், துளையிட்ட சிமெண்ட் உறைகள், சுற்றிலும் ஜல்லி. இதன் கொள்ளளவு 4,700 லிட்டர்தான். ஆனால் இங்கே கொள்ளளவைவிட வடியும் வேகமே முக்கியம். மணல் பூமி விழுங்கிக்கொண்டே இருக்கும். களிமண் பூமி நாள்கணக்கில் அப்படியே வைத்திருக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் கிணற்றின் அடியைத் தொட்டுவிட்டால் எந்த மண்ணும் அதிகம் ஏற்காது.

முன்பு நம் வளாகத்தில் போட்ட குழி ஒன்று தென்மேற்கு மூலையில் பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. போன மாதம் அதைத் திறந்தேன். கூழாங்கற்களுக்கு இடையே சேறு அடைத்து, ஒரு வாளி நீரை ஊற்றினால் காலைவரை அப்படியே நின்றது. காரணம், வாகன நிறுத்தத்து நீரையும் அதற்குள் விட்டிருந்தார்கள். எண்ணெயும் மண்ணும் துவாரங்களை மூடிவிட்டன. உறை கிணற்றுக்கு மாடி நீர் மட்டுமே போக வேண்டும். கழிவுத் தொட்டிக்கும் அஸ்திவாரத்துக்கும் அருகே அதை வெட்டக் கூடாது. நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் நீரை இறக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. மண் வடிகட்டாமல் அழுக்கு நேரே ஆழத்துக்குப் போய்விடும், எடுப்பது மிகக் கடினம்.

“நாம் இறக்கினால் பக்கத்துக் கட்டடம்தானே உறிஞ்சும்?” என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: ஓரளவு ஆமாம். நிலத்துக்குள் நமக்கென்று மதில் இல்லை. நம் ஆழ்துளைக் கிணறு பாறை வெடிப்புகளிலிருந்து எடுக்கிறதென்றால், ஆறு மீட்டரில் இறக்கியது அங்கே சேருமா, எப்போது சேரும் என்று யாரும் உறுதி தர முடியாது. தொட்டியில் விழுந்த லிட்டரோ மறுநாள் நம் குழாயிலேயே வரும்.

அதனால் என் வாக்கு தொட்டிக்குத்தான். நிலத்துக்குள் இறக்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று நாள் கொட்டினால் தொட்டி கைவிரித்துவிடும். அப்போது வழியும் நீரை ஏற்க உறை கிணறு நல்ல இடம். ஆனால் அதை வெட்டும் முன் மண்ணைக் கேட்க வேண்டும். ஞாயிறு காலை, கிழக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழக் குழி ஒன்று தோண்டுவோம். ஒருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, அளவுகோல் வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்போம். ஒரு மணியில் ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் உறை கிணற்றுப் பேச்சையே விட்டுவிடலாம். அளவுகோல் என்னிடம் இருக்கிறது. மண்வெட்டியோடு இருவர் வந்தால் போதும்.