வைஃபை எக்ஸ்டெண்டர்: பட்டனில் இணைப்பதா, ஆப்பில் இணைப்பதா?

மாட்டுங்காவில் நாங்கள் இருப்பது பழைய கட்டடம். சுவர்கள் நல்ல தடிமன். ஃபைபர் கேபிள் வாசல் பக்கம் வந்ததால் ரவுட்டரும் ஹாலிலேயே நின்றுவிட்டது. கடைசி அறையில் வீடியோ கால் பேசவே முடியாது. அதற்காக வாங்கியதுதான் இந்த எக்ஸ்டெண்டர். சுவர் பிளக்கிலேயே மாட்டும் வகை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசையும் உண்டு. சில வருஷமாக ஓடுகிறது.

முதலில் பட்டன் வழியில்தான் இணைத்தேன். எக்ஸ்டெண்டரை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே செருகி, விளக்கு நிலையாக எரியும்வரை காத்திருக்க வேண்டும். ரவுட்டரில் WPS பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு, இரண்டு நிமிஷத்துக்குள் எக்ஸ்டெண்டரிலும் அழுத்தினால் போதும். பாஸ்வேர்டு கைமாறிவிடும், தட்டச்சு வேலையே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். சில ரவுட்டர்களில் WPS, ரீசெட் இரண்டுக்கும் ஒரே பட்டன். தட்டிவிட்டு உடனே கையை எடுத்துவிட வேண்டும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ரவுட்டரின் செட்டிங் எல்லாம் அழிந்து, இணைய நிறுவனத்தாரைக் கூப்பிட வேண்டிவரும்.

இணைந்த பிறகு எக்ஸ்டெண்டரை நடுவழியில் இருக்கும் பிளக்குக்கு மாற்றினேன். சிக்னல் வராத அறைக்குள்ளேயே வைத்தால் பிரயோஜனமில்லை. தனக்கே நன்றாகக் கிடைக்காததை அது எப்படிப் பரப்பும்? என்னுடையதில் சிக்னல் விளக்கு நீலமாக இருந்தால் இடம் சரி, சிவப்பாக இருந்தால் ரவுட்டர் பக்கம் நகர்த்த வேண்டும் என்று அர்த்தம்.

விளக்கு நீலம்தான். ஆனாலும் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் கடைசி அறைக்கு 15 பக்கம்தான் வந்தது. காரணம் எக்ஸ்டெண்டரின் ஆப்பைப் போனில் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ரவுட்டரோடு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இணைந்திருந்தது, 5 கிகாஹெர்ட்ஸ் காலியாக நின்றது. சில மாடல்களில் ஒரு தடவை பட்டன் அழுத்தினால் ஒரு அலைவரிசைதான் சேரும். 2.4-இல் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசல் வேறு. போதாததற்கு, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும்போது வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கையும் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைப் போட்டதும் அதே அறையில் 40-ஐத் தாண்டியது.

பெயரையும் ஆப்பிலேயே தீர்மானிக்கலாம். ஆரம்பத்தில் கடைசியில் _EXT சேர்ந்த தனிப் பெயரையே விட்டுவைத்தேன். போன் எதில் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் பளிச்சென்று தெரியும். எல்லாம் சரி என்று உறுதியானதும் ரவுட்டரின் பெயரையே கொடுத்துவிட்டேன். ஆப்பில் அமைக்கும்போது போனின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். எக்ஸ்டெண்டரின் தற்காலிக வைஃபையில் இணையம் இருக்காது. அதனால் போன் தானாகவே சிம்முக்குத் தாவி, ஆப் “கருவி கிடைக்கவில்லை” என்று சொல்லும்.

மேல் வீட்டு மாமிக்கு வேறு மாதிரி சிக்கல். “பட்டன் ரெண்டையும் அழுத்திட்டேன்டா, லைட் மின்னிண்டே இருந்துட்டு அணைஞ்சு போயிடறது” என்றார். போய்ப் பார்த்தால், புதிதாக மாற்றிய ரவுட்டரில் பாதுகாப்பு WPA3 மட்டும் என்று இருந்தது. அந்த முறையில் WPS வேலை செய்யாது. சரி, ஆப்பில் போடலாம் என்றால், பட்டியலில் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் சேர மறுக்கிறது. அவருடைய எக்ஸ்டெண்டர் பழசு, WPA2 மட்டும்தான் அதற்குத் தெரியும். ரவுட்டரின் செட்டிங்கில் WPA2/WPA3 கலப்பு முறைக்கு மாற்றியதும் ஆப் வழியில் உடனே சேர்ந்துகொண்டது. பட்டனும் மறுத்து, சரியான பாஸ்வேர்டும் மறுக்கப்பட்டால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

அடுக்குமாடியில் இன்னொன்றும் நடக்கும். அதே இரண்டு நிமிஷத்தில் பக்கத்து வீட்டிலும் யாராவது WPS அழுத்தியிருந்தால், எது நம்முடையது என்று தெரியாமல் இணைப்பு ரத்தாகும். சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும்.

என் தேர்வு: சேர்ப்பதற்குப் பட்டன், சேர்ந்தது சரியா என்று பார்க்க ஆப். ரவுட்டரில் WPS பட்டனே இல்லையென்றால் முழுக்க ஆப்தான். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் எக்ஸ்டெண்டருக்கு அது தானாகத் தெரியாது, திரும்பவும் இணைக்க வேண்டும். ரவுட்டரையே மாற்றினால் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் அப்படியே போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எக்ஸ்டெண்டரைத் தொடவே வேண்டியிருக்காது.