சட்டியில மூடி வைக்கிறதா, ஃபிளாஸ்க்குல ஊத்தி வைக்கிறதா?

போன வாரம் கேஎல்ல ஒரு பிளாட் கீழ பேசினேன், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரங்கதான் நிறைய. ஒரு அக்கா கேட்டாங்க, "மிஸ்ஸி, காலையில 11 மணிக்கு சோறு பருப்பு ஆக்கிடுறேன், ராத்திரி 7 மணிக்கு நல்லா கொதிக்க வச்சுத்தானே சாப்பிடுறோம், அப்புறம் என்னலா?"

இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். 8 மணி நேரம் சட்டியிலயே கிடந்தா, நம்ம ஊரு சூட்டுல கிருமி பெருகும், அதுல பாசில்லஸ் சீரியஸ்னு ஒண்ணு இருக்கு, சோத்துல அது விடுற விஷம் மறுபடி கொதிக்க வச்சாலும் போகாது, வாடையும் வராது, சாப்பிட்டு கொஞ்ச நேரத்துலயே வாந்திதான். அதனால சோறு மட்டும் ரெண்டு வேளைக்கும் தனித்தனியா ஆக்கிடுங்க.

பருப்புக்கு வாய் அகலமான ஃபிளாஸ்க்குக்குத்தான் என் ஓட்டு. முதல்ல அதுல கொதிக்கிற தண்ணிய ஊத்தி 5 நிமிஷம் விட்டு கொட்டிடணும், அப்புறம் தளதளன்னு கொதிக்கிற பருப்ப கழுத்து வரைக்கும் ஊத்தி மூடணும், பாதி ஊத்தினா சீக்கிரம் ஆறிடும். நடுவுல திறந்து திறந்து பாக்காதீங்க. 60 டிகிரிக்கு மேல நின்னா கிருமி வளராது. சாயங்காலம் தெர்மோமீட்டர் வச்சு பாருங்க, இல்லாட்டி ஒரு கரண்டி எடுத்து உடனே வாயில வைக்க முடியுதான்னு பாருங்க, ஊதாம சாப்பிட முடிஞ்சா சூடு போயிருச்சு, அத கொட்டிடுங்க. மலிவு ஃபிளாஸ்க் சிலது மதியத்துக்கே தாங்காது, அதனால முதல் நாள் வெறும் வெந்நீர் ஊத்தி சோதிச்சுக்கோங்க.