இன்வெர்ஷன் ஃப்ளிக்கரா, பேனல் கோளாறா?

எல்சிடி பேனல்ல ஒவ்வொரு பிக்சலோட வோல்டேஜும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பிளஸ், மைனஸ்னு மாறும், இதுதான் இன்வெர்ஷன். பல பேனல்கள்ல அது பக்கத்து பிக்சலுக்கு எதிரா இருக்கும், அதனால பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் உள்ள சின்ன வெளிச்ச வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் சாம்பலும் கறுப்புமா செஸ்போர்டு பேட்டர்ன் போட்டா, எரியுற பிக்சல் எல்லாம் ஒரே நேரத்துல பிளஸ், ஒரே நேரத்துல மைனஸ்னு சேர்ந்துடும், 60 ஹெர்ட்ஸ்ல 30 ஹெர்ட்ஸா துடிக்கும். இந்த இன்வெர்ஷன் ஃப்ளிக்கர் நார்மல்தான், பயப்படாதீங்க.

அந்தப் படத்தை சின்ன விண்டோவுல வச்சு இழுத்துப் பாருங்க (ஸ்கேலிங் 100%ல இருக்கணும், இல்லன்னா பேட்டர்னே குழம்பிடும்). துடிப்பு விண்டோ கூடவே நகர்ந்து, வெறும் சாம்பல் படத்துல காணாமப் போனா இன்வெர்ஷன். சாம்பல்லயும் அதே இடத்துலயே கோடாவோ திட்டாவோ துடிச்சா கோளாறுன்னு சந்தேகப்படலாம், கேபிளை மாத்தியும் போகலன்னா பேனலா இருக்க வாய்ப்பு அதிகம்.