சிறுநீரில் ஈஸ்ட்: விட வேண்டியதும் விரட்ட வேண்டியதும்

காரைக்குடியில் இரண்டு கட்டில்கள், இரண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டுகள். இரண்டிலும் ஒரே வரி: கேண்டிடா என்னும் ஈஸ்ட், ஒரு லட்சம் காலனி.

முதல் கட்டிலில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த ஆச்சி. சிறுநீர் வடிய வைத்த குழாய் பத்து நாளாக இருக்கிறது, ஆன்டிபயாடிக்கும் ஓடுகிறது. காய்ச்சல் இல்லை, அடிவயிற்று வலி இல்லை. “லட்சம்னு போட்டிருக்கே!” என்று மகன் பதறினார். குழாயில் ஈஸ்ட் படிந்தாலே எண்ணிக்கை அப்படித்தான் ஏறும். அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. குழாயை எடுத்தோம், தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்தினோம், அவ்வளவுதான். ஈஸ்டைக் கொல்லும் ஃப்ளூகோனசோல் கொடுத்திருந்தால், அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு ரத்தத்தில் தேங்கி சர்க்கரை சரிந்திருக்கலாம்.

அடுத்த கட்டிலில் இருந்தவருக்குச் சிறுநீர்க் குழலில் கல் அடைப்பு, குளிர் காய்ச்சல், விலாவில் வலி. இங்கே அதே ஈஸ்டை விடக்கூடாது. ரத்தக் கல்ச்சர், ஸ்கேன், ஃப்ளூகோனசோல். அப்புறம் முக்கியமாக, அடைப்பை நீக்குவது. அடைப்பு இருக்கும்வரை மருந்து மட்டும் போதாது.

காய்ச்சலே இல்லாவிட்டாலும் வெள்ளணு மிகக் குறைந்தவர்கள், எடை மிகக் குறைந்த பச்சிளங்குழந்தைகள், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோரையும் இரண்டாம் கட்டிலோடுதான் சேர்ப்பேன்.